நனைந்து கரைந்த குளிசையைப் படத்தில் பார்த்து அடையாளம் சொல்ல முடியுமா?

"அண்ணா, கூரை ஒழுகி அம்மம்மாவின் கிளினிக் குளிசைப் பை முழுக்க நனைஞ்சு போச்சு. உறைகள் கிழிஞ்சு எல்லாம் கலந்திட்டுது. பாதி உடைஞ்சு, சிலது கரைஞ்சு மாவாகிட்டுது. பிரஷர், சீனி, கொலஸ்ரோல், அஸ்பிரின், அதோட மூட்டுவாதத்துக்கும் மருந்து எடுக்கிறா. கிளினிக்குக்கு இன்னும் 11 நாள் இருக்கு. படம் போட்டிருக்கிறன். எது எந்தக் குளிசை எண்டு சொல்லுவீங்களா? காயவைச்சுக் குடுக்கலாமா?" (புதுக்குடியிருப்பில் இருந்து)

சொல்ல முடியாது, காயவைத்துக் கொடுக்கவும் கூடாது. நாளை காலையில் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆசுபத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கிளினிக் நாள் வரைக்கும் மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நனைந்த குளிசைகளை எறிய வேண்டாம். மூடியுள்ள போத்தல் ஒன்றில் போட்டு அவற்றையும் கொண்டுபோங்கள்.

அவசரமாக வேண்டிய பதில் இவ்வளவுதான். ஆனால் "ஏன் முடியாது? குளிசை கண்ணுக்குத் தெரியுதே" என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைப்பது நியாயம்தான். அதனால் உங்கள் படத்தையே வைத்துச் சொல்கிறேன்.

படத்தில் இடது பக்கம் ஒரு வெள்ளை அரைத்துண்டு இருக்கிறது. அதில் 50 என்ற எழுத்து தெளிவாகத் தெரிகிறது. முதல் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் நல்ல துப்பு மாதிரி இருக்கும். லொசாட்டன் 50 மில்லிகிராமில் வருகிறது, அம்மம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, ஆகவே இது பிரஷர் குளிசை என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் உடைந்த துண்டில் இருப்பது எண்ணின் மிச்சம் மட்டுமே. முழுக் குளிசையில் 50 என்று இருந்திருக்கலாம். 500 என்று இருந்து கடைசிச் சுழி மற்றப் பாதியோடு போயிருக்கலாம். 850 என்பதில் 8 உடைந்து போயிருந்தாலும் மிஞ்சுவது இதே 50 தான். 500, 850 இரண்டும் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெற்போமினின் அளவுகள். ஆக, ஒரே துண்டு பிரஷர் குளிசையாகவும் இருக்கலாம், சீனிக் குளிசையாகவும் இருக்கலாம். நீங்கள் பிரித்து அறியக் கேட்ட இரண்டும் இவைதான்.

சரி, பருமனை வைத்துப் பிரிக்கலாமே? 500 மில்லிகிராம் மெற்போமின் பெரிய குளிசை, லொசாட்டன் சிறியது. உலர்ந்த, உடையாத குளிசை என்றால் இந்த வாதம் ஓரளவு எடுபடும். நனைந்ததில் எடுபடாது. வயிற்றுக்குள் போனதும் உடைந்து கரைய வேண்டும் என்பதற்காக, தண்ணீர் பட்டால் ஊதிப் பெருக்கிற மாச்சத்துப் போன்ற பொருட்களைக் குளிசைக்குள் சேர்த்துத்தான் செய்கிறார்கள். கூரை ஒழுக்கு அந்த வேலையை உறைக்குள்ளேயே தொடக்கிவிட்டது. ஈரத்தில் குளிசை தடிக்கிறது, ஓரம் மழுங்குகிறது, அழுத்திப் பதித்த எழுத்து மேடாகி மறைகிறது. பிறகு காய்ந்தால் பழைய அளவுக்குத் திரும்பாது. சில இடம் சுருங்கி, சில இடம் உதிர்ந்து, வேறொரு உருவத்துக்கு வந்துவிடும். உங்கள் படத்தில் அந்த அரைத்துண்டின் முறிந்த பக்கம் பஞ்சு மாதிரி இருப்பதைப் பாருங்கள். கத்தியால் வெட்டிய குளிசையின் பக்கம் நேராக இருக்கும். இது ஊதி வெடித்துப் பிரிந்தது. அதன் இப்போதைய நீளத்தை அடிமட்டம் வைத்து அளந்தாலும் பழைய நீளம் கிடைக்காது.

அடுத்தது அந்த இளஞ்சிவப்புத் துண்டு. ஓரத்தில் மட்டும் நிறம், நடுவெல்லாம் வெள்ளை. இது அனேகமாக மேற்பூச்சுள்ள குளிசை. பூச்சு மிக மெல்லியது, நிறம் முழுவதும் அதில்தான் இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெள்ளை மாவு. பூச்சுக் கரைந்து போனால் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஒரே வெள்ளைக்கட்டி ஆகிவிடும். பூச்சின்மேல் மையால் அச்சிட்ட எழுத்து இருந்தால் அதுதான் முதலில் போகும். இன்னொரு சிக்கல், கரைந்த நிறம் போய்ப் பக்கத்துக் குளிசையில் ஒட்டும். ஆகவே படத்தில் தெரிகிற சிவப்பு அந்தத் துண்டின் சொந்த நிறமா, பக்கத்தில் இருந்ததன் சாயமா என்பதே நிச்சயமில்லை. கீழே நீலக்கறை பட்ட வெள்ளைக் களி ஒன்று இருக்கிறதே, அந்த நீலம் உறையில் பேனையால் எழுதிய மை என்றுதான் எனக்குப் படுகிறது. அதை நீலக் குளிசை என்று யாராவது சொல்லியிருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

நிறம் அழியாமல் இருந்தாலும்கூட அதை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இரத்தம் உறையாமல் கொடுக்கிற வாபரின் நல்ல உதாரணம். பிரித்தானியாவில் 5 மில்லிகிராம் குளிசை இளஞ்சிவப்பு. அமெரிக்காவில் இளஞ்சிவப்பாக இருப்பது 1 மில்லிகிராம். ஒரே மருந்து, ஒரே நிறம், அளவில் 5 மடங்கு வித்தியாசம். இணையத்தில் குளிசையின் நிறத்தையும் எழுத்தையும் கொடுத்தால் பெயர் சொல்கிற தளங்கள் இருப்பதாக உங்கள் தம்பி யாராவது சொல்லக்கூடும். அவற்றில் பல அமெரிக்கக் குளிசைகளை வைத்துக் கட்டியவை. அங்கே அனேகமாக ஒவ்வொரு குளிசையிலும் அடையாளக் குறி இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் ஆசுபத்திரியில் கிடைக்கிற குளிசைகள் பல இடங்களில் இருந்து வருபவை. எழுத்தே இல்லாத வெறும் வெள்ளை வட்டங்களும் அவற்றில் உண்டு. போன மாதம் நீள்வட்டமாக வந்த மருந்து இந்த மாதம் வேறு கம்பனியிடம் வாங்கியதால் வட்டமாக வரும். அம்மம்மாவே "இந்த முறை குளிசை மாறிப்போச்சு" என்று உங்களிடம் முறைப்பட்டிருப்பா.

இப்போது என்னை உண்மையில் பயப்படுத்திய துண்டுக்கு வருகிறேன். வலது மூலையில் இருக்கிற சின்ன மஞ்சள் வட்டம், அதன் பக்கத்தில் மஞ்சள் தூள்.

மூட்டுவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவாதத்தில் ஒரு வகையான முடக்குவாதத்துக்கு மெதொற்றெக்சேற் என்ற மருந்து கொடுப்பார்கள். 2.5 மில்லிகிராம் குளிசை பெரும்பாலும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். அதன் பக்கவிளைவைக் குறைக்கப் போலிக் அசிட்டும் கூடவே கொடுப்பார்கள். அதுவும் சின்னது, அதுவும் மஞ்சள். உடையாமல் உலர்ந்திருந்தாலே ஒன்றுக்கு மற்றது மாறிப்போகிற சோடி இது. வித்தியாசம் எங்கே என்றால், மெதொற்றெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுப்பது. அதைப் போலிக் அசிட் என்று நினைத்துத் தினமும் கொடுத்தால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைப்படும். வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும், உயிரும் போகலாம். அப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எழுத்து அழிந்த அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்து "போலிக் அசிட் மாதிரித்தான் இருக்கு" என்று படத்துக்குக் கீழே யாராவது எழுதினால், அந்த ஒரு வரி போதும் ஆளை ஐசியூவுக்கு அனுப்ப.

அம்மம்மா மெதொற்றெக்சேற் எடுக்கிறாவா என்பது கொப்பியில் இருக்கும், அதை முதலில் பாருங்கள். எடுக்கிறா என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்த மஞ்சள் தூளை வெறுங்கையால் அள்ள வேண்டாம். வீட்டில் கர்ப்பிணியோ பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவரோ இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது. கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி, கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

காயவைப்பது பற்றியும் ஒரு சொல். பெயர் நிச்சயமாகத் தெரிந்தாலும் நனைந்ததைக் கொடுக்கக் கூடாது. மருந்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போயிருக்கும், பக்கத்துக் குளிசையின் மருந்து இதில் ஊறியிருக்கும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து வினாகிரி மணம் வரும். பையைத் திறக்கும்போது அந்த மணம் வந்தால் அஸ்பிரின் கெட்டுவிட்டது என்று விளங்கும். ஆனால் அந்த மணம் பை முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் எந்தத் துண்டு அஸ்பிரின் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மெதுவாகக் கரைய வேண்டும் என்று செய்த குளிசைகள் இன்னும் மோசம். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து, உடைந்த துண்டில் இருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சீனிக் குளிசையில் அப்படி நடந்தால் மயக்கம், பிரஷர் குளிசையில் நடந்தால் தலைசுற்றி விழுகை.

அப்படியென்றால் எதை நம்புவது? குளிசையில் இருந்து பெயரைத் தேடாதீர்கள். பெயரில் இருந்து தொடங்குங்கள். கொப்பியில் கடைசிக் கிளினிக் திகதிக்குக் கீழே வைத்தியர் எழுதிய பட்டியல் இருக்கும்: மருந்தின் பெயர், மில்லிகிராம், நாளைக்கு எத்தனை தரம். எழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை, ஆசுபத்திரியில் விளங்கும். கிழிந்த உறைகளையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றாக விரித்து, தாளில் ஒட்டாமல் நிழலில் காயவைத்துப் பாருங்கள். மை கரைந்தாலும் பேனை அழுத்திய தடம் சில வேளை இருக்கும். ரோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் அந்தத் தடம் தெரியும். போன மாத உறையோ, வெறும் மட்டையோ சாமியறையில், அலுமாரி லாச்சியில் எங்கேயாவது கிடக்கும். அது புதுப்படம் பத்துக்குச் சமம்.

எண்ணிப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கெட்டித்தனமான கேள்விதான், எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். கிளினிக்கில் 30 நாளுக்குக் கொடுத்தார்கள் என்று வையுங்கள். 11 நாள் மிச்சம். மெற்போமின் காலை, இரவு என்றால் 22 குளிசை மிஞ்ச வேண்டும். லொசாட்டன் ஒருதரம் என்றால் 11. கொலஸ்ரோலுக்கு அற்றோவஸ்ரற்றின் இரவில் ஒன்று, அதுவும் 11. அஸ்பிரின் ஒன்று, அதுவும் 11. ஆக 22 என்ற கூட்டத்தைப் பார்த்து மெற்போமின் என்று ஊகிக்கலாம், மற்ற மூன்றும் ஒரே எண்ணிக்கை, அவற்றைப் பிரிக்க வழியே இல்லை. அதுவும் எல்லாம் முழுதாக இருந்தால்தான். மாவாகிப் போனதை எப்படி எண்ணுவது? இரண்டு அரைத்துண்டு ஒரே குளிசையின் பாதிகளா, வெவ்வேறு குளிசைகளின் பாதிகளா? இதற்குள் அம்மம்மா ஒருநாள் குளிசை போட மறந்திருந்தால் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். எண்ணிக்கை உதவுகிற இடம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

நனைந்த குளிசைகளையும் கொண்டுபோகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொடுத்த ஆசுபத்திரியின் மருந்தாளரிடம் அதே குளிசை பெரிய போத்தலில் இருக்கும். முழுக் குளிசையை எடுத்து உங்கள் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, திருப்பிப் பார்த்து, "இது இதுவல்ல" என்று பலவற்றைத் தள்ளிவிட அவரால் முடியும். படத்தில் அந்த வசதி இல்லை. பார்த்து முடிந்த பிறகும் அவர் அதைத் திரும்பக் கையில் தரமாட்டார், புதிதாகத்தான் தருவார். ஆனால் அம்மம்மா இதுவரை சரியான மருந்தைத்தான் எடுத்தாவா, உறை ஏற்கெனவே மாறியிருந்ததா என்பது அப்போது தெரியவரும்.

உங்களுக்கு மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட ஆசுபத்திரியில் கிளினிக் என்றாலும், இந்த இடைக்கால மருந்துக்குப் புதுக்குடியிருப்பு ஆசுபத்திரியில் முதலில் கேட்டுப் பாருங்கள். கொப்பி கையில் இருந்தால் பிரஷர், சீனி மருந்து எழுதுவது அவர்களுக்குப் புதிதல்ல. அங்கே இல்லாததை வைத்தியர் துண்டில் எழுதித் தந்தால் வெளியில் பாமசியில் வாங்கலாம். மெதொற்றெக்சேற்றை மட்டும் அங்கே எழுதத் தயங்குவார்கள், தயங்குவது சரிதான். அது இரத்தப் பரிசோதனை பார்த்து எழுத வேண்டியது. ஒரு கிழமை தவறினால் மூட்டு நோகலாம், வேறு பெரிதாக ஒன்றும் நடக்காது. எப்போது திரும்பத் தொடங்குவது என்று அந்தக் கிளினிக்கில் கேளுங்கள். தவறியதற்குச் சேர்த்து இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். இது எல்லா மருந்துக்கும் பொருந்தும்.

கொப்பியும் சேர்ந்து நனைந்து போயிருந்தால்? அப்போதும் ஆசுபத்திரிக்குத்தான். பிரஷரையும் சீனியையும் அங்கேயே அளந்து, தேவையானதை எழுதுவார்கள். அது படத்தைப் பார்த்துச் சொல்வதைவிட நூறு மடங்கு திறம்.

நாளை வரை பொறுக்கலாமா என்பது மருந்தைப் பொறுத்தது. கொலஸ்ரோல் குளிசை சில நாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மெற்போமினும் லொசாட்டனும் ஒருநாள் தவறலாம், பல நாள் தவறக் கூடாது. ஆனால் கொப்பியில் வலிப்பு மருந்து, வாபரின், பல மாதமாக எடுத்துவருகிற பிரெட்னிசொலோன், அல்லது அற்றெனொலோல், பைசோபுரொலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். இவற்றைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து.

இதே மாதிரிப் படங்கள் எனக்கு வேறொரு காரணத்துக்கும் வருவதுண்டு. பிள்ளையின் வாயில் இருந்து தோண்டி எடுத்த பாதி கரைந்த குளிசை. அங்கே படம் எடுத்துக்கொண்டு நிற்பதே பிழை. வாயில் மிஞ்சியதை விரலால் எடுத்துவிட்டு, 1990 அம்புலன்சை அழையுங்கள், அல்லது கிடைக்கிற வாகனத்தில் கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்கவைக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, 011 2686143. போகும் வழியிலும் கேட்கலாம். எண்ணிக்கை உதவும் என்றேனே, இங்கேதான். கரைந்த துண்டு என்னவென்று ஆராயாமல், வீட்டில் இருக்கிற எல்லா உறை, மட்டை, போத்தல்களையும் அள்ளிக்கொண்டு போங்கள். எதில் எத்தனை குறைகிறது என்று எண்ணினால் பிள்ளை அதிகபட்சம் எதை, எவ்வளவு விழுங்கியிருக்கும் என்று வைத்தியருக்குத் தெரியும். சீனிக் குளிசைகளில் கிளிபன்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவை ஒன்றே ஒன்று போனாலும் சின்னப் பிள்ளைக்குச் சீனி விழுந்துவிடும், அதுவும் சில மணித்தியாலம் கழித்து. பிள்ளை ஓடி விளையாடுது என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது படம் அனுப்பத்தான் வேண்டும் என்றால், துண்டை அனுப்ப முன் கொப்பிப் பக்கத்தை அனுப்புங்கள். குளிசையை எடுப்பதென்றால் வெள்ளைத் தாளில், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும், பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள். துண்டுகளைப் பொருத்தி ஒட்டிப் பார்க்க வேண்டாம். அப்படி எடுத்த படத்தைப் பார்த்து ஒருவர் "இது அதுவல்ல" என்று சொன்னால் ஓரளவு கேட்கலாம். "இது அதுதான்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

இனி வருகிற மாரிக்கு: உறைகளை மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனிச் சின்னப் பையில் உறையோடு சேர்த்துப் போட்டு, கூரை ஒழுகாத பக்கம் உயரத்தில் வையுங்கள். கிளினிக் முடிந்து வந்த அன்றே கொப்பிப் பக்கத்தையும், ஒவ்வொரு உறையையும் அதன் குளிசை ஒன்றோடு சேர்த்துப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கோ சித்திக்கோ வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும். பழுதான குளிசைகளை ஆசுபத்திரியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். முற்றத்தில் கொட்டினால் கோழி கொத்தும், கிணற்றடியில் கொட்டினால் தண்ணீரில் சேரும்.